டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை: எச்டிஎம்ஐ இணைப்பில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைக்கிறீர்கள். படம் பளிச்சென்று வந்துவிடுகிறது. சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே கேட்கிறது, இல்லையென்றால் எங்குமே கேட்பதில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான். புதுக் கேபிள் வாங்கி மாட்டிய பிறகும் சத்தம் வராதபோதுதான் வேறு எதையோ பார்த்திருக்க வேண்டும் என்று தெரிகிறது.

கேபிளைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: லேப்டாப்பின் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் உங்கள் டிவியின் பெயர் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் செய்ய வேண்டியது ஒன்று, இல்லாவிட்டால் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு டிரைவரை அழிப்பதும் கேபிளை மாற்றுவதும் நேர விரயம்.

## படம் தானாக வருகிறது, சத்தம் ஏன் வருவதில்லை

புதிதாக ஒரு திரை இணைந்தால், கணினி அதையும் இருக்கிற திரையோடு சேர்த்துக்கொள்ளும். இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒலி விஷயம் அப்படியல்ல. லேப்டாப் ஸ்பீக்கர், ஹெட்போன், டிவி என்று எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயல்பு வெளியீடாக இருக்கும். டிவியை இணைத்ததும் சில நேரம் கணினி தானே அதற்கு மாறிக்கொள்ளும். சில நேரம் பழைய ஸ்பீக்கரிலேயே நின்றுவிடும். முன்பு ஒருமுறை நீங்களே வேறு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தத் தேர்வை அது நினைவில் வைத்திருக்கும்.

கேபிளைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் சத்தத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. படத்தைச் சுமக்கும் அதே கம்பிச் சோடிகளில், படத்தின் வரிகளுக்கும் சட்டகங்களுக்கும் நடுவே வரும் இடைவெளிகளில் சத்தம் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஆகவே படம் சுத்தமாக வரும்போது சத்தக் கம்பி மட்டும் அறுந்துபோயிற்று என்று சொல்ல வழியில்லை.

ஆனால் கேபிள் வேறொரு விதத்தில் சத்தத்தைக் கெடுக்க முடியும். இணைப்பானில் உள்ள 19 முனைகளில் 15, 16 ஆகிய இரண்டும் டிவி தன்னைப் பற்றிய அறிமுகத் தகவலை லேப்டாப்புக்குக் கொடுப்பதற்கானவை. ஈடிஐடி என்று அழைக்கப்படும் இந்தத் தகவலில் டிவியின் பெயர், அது காட்டக்கூடிய தெளிவுத்திறன்கள், ஏற்கக்கூடிய ஒலி வகைகள் எல்லாம் இருக்கும். இந்த இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்று விட்டுப்போனால், எதிரே இருப்பது ஒலி ஏற்கும் கருவி என்பதே லேப்டாப்புக்குத் தெரியாது. பழைய டி.வி.ஐ. திரை என்று எடுத்துக்கொண்டு படத்தை மட்டும் அனுப்பும். அப்போது பட்டியலில் டிவியின் பெயர் வராது. நாம் பெயரைத் தேடுவது இதனால்தான்.

## முதல் படி: பட்டியலைத் திறந்து பாருங்கள்

முதலில் டிவியை ஆன் செய்து, லேப்டாப் மாட்டியிருக்கும் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு மாற்றி, படம் தெரியும் நிலையில் வையுங்கள். டிவி அணைந்திருந்தாலோ வேறு உள்ளீட்டில் இருந்தாலோ பட்டியலில் பெயர் வராமல் போகலாம். அதை வைத்துத் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

விண்டோஸ் 11-இல் `Windows + Ctrl + V` விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒலி வெளியீட்டுப் பட்டியல் நேராகத் திறக்கும். திரையின் கீழ் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி அளவுக் கோட்டின் வலப்பக்கம் உள்ள சின்ன அடையாளத்தைத் தொட்டாலும் அதே இடம்தான். விண்டோஸ் 10-இல் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டதும் மேலே ஒரு கருவியின் பெயர் தெரியும். அதன் மேல் தொட்டால் மற்றவை விரியும்.

டிவி இருக்கும் வரியில் முதலில் டிவியின் பெயரோ மாடல் எண்ணோ இருக்கும். அதோடு லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பைப் பொறுத்து `Intel Display Audio`, `NVIDIA High Definition Audio`, `AMD High Definition Audio Device` ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வரும். எச்டிஎம்ஐ ஒலியைக் கையாள்வது கிராபிக்ஸ் சிப். லேப்டாப் ஸ்பீக்கரை இயக்கும் ஒலி சிப் அல்ல. அதனால்தான் `Realtek Digital Output` என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. டிஜிட்டல் என்ற சொல்லைப் பார்த்து அதுதான் எச்டிஎம்ஐ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது வேறு வகை டிஜிட்டல் வெளியீட்டுக்கானது, டிவிக்குப் போகாது.

டிவியின் பெயரைக் கண்டால் தொட்டுவிடுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். சத்தம் வராவிட்டால், ஓடிக்கொண்டிருந்த பிளேயரையோ பிரவுசரையோ முழுதாக மூடித் திறந்து பாருங்கள். சில நிரல்கள் தொடங்கும் நேரத்தில் எந்த ஸ்பீக்கர் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். வீடியோ அழைப்புச் செயலிகளுக்கு அவற்றின் அமைப்புகளிலேயே தனி ஸ்பீக்கர் தேர்வு உண்டு; கணினியில் மாற்றினால் மட்டும் போதாது. விண்டோஸ் 11-இல் `Settings`, `System`, `Sound`, `Volume mixer` என்று போனால் ஒவ்வொரு நிரலும் எந்தக் கருவிக்குச் சத்தம் அனுப்புகிறது என்பதைத் தனித்தனியே பார்க்கலாம், மாற்றலாம்.

மேக்கில் `System Settings`, `Sound`, `Output` என்ற வரிசையில் போய் டிவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு விசைப்பலகையின் ஒலி அளவு விசைகள் வேலை செய்யாது. அது கோளாறல்ல, எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலியின் அளவை டிவி ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும்.

## பெயர் இருக்கிறது, தேர்ந்தெடுத்தாயிற்று, ஆனாலும் சத்தம் இல்லை

விண்டோஸில் மிக உபயோகமான ஒரு பழைய சாளரம் இன்னும் இருக்கிறது. `Windows + R` அழுத்தி இதை எழுதுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் சாளரத்தின் `Playback` தாவலில் எல்லா ஒலிக் கருவிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலப்பக்கமும் நின்றவாக்கில் ஒரு சின்ன அளவுப் பட்டை உண்டு. ஒரு பாட்டையோ வீடியோவையோ ஓடவிட்டு, எந்தக் கருவியின் பட்டை பச்சையாக ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். காதுக்குக் கேட்காத சத்தம் எங்கே போகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடும் இடம் இது.

லேப்டாப் ஸ்பீக்கரின் பட்டை ஆடினால், தேர்வு இன்னும் மாறவில்லை என்று பொருள். டிவியின் வரியை வலது சொடுக்கி `Set as Default Device` கொடுங்கள். எந்தப் பட்டையும் ஆடவில்லை என்றால் சத்தம் நிரலை விட்டே வெளியே வரவில்லை. வீடியோ பிளேயரிலோ பிரவுசர் தாவலிலோ மியூட் இருக்கும். டிவியின் பட்டை ஆடுகிறது, டிவியோ ஊமையாக இருக்கிறது என்றால், விண்டோஸ் தன் பங்கைச் செய்துவிட்டது. இனி டிரைவரை மாற்றிப் பயனில்லை. எழுந்து டிவி ரிமோட்டை எடுங்கள்.

டிவியில் முதலில் அதன் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். வேறு சேனலையோ டிவியிலேயே உள்ள செயலியையோ ஓடவிட்டுப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால், டிவியின் ஒலி அமைப்பில் வெளியீடு வேறெங்கோ திருப்பப்பட்டிருக்கும். சவுண்ட்பார், ஆப்டிகல், புளூடூத் ஹெட்போன் இவற்றில் ஏதாவது ஒன்றை எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். அதை டிவி ஸ்பீக்கருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மற்றவற்றில் சத்தம் வருகிறது, லேப்டாப் மாட்டிய போர்ட்டில் மட்டும் இல்லை என்றால், கேபிளை டிவியின் அடுத்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் முதல் போர்ட்டின் அமைப்பில்தான் சிக்கல். சில டிவிகளில், குறிப்பாகப் பழையவற்றில், ஒரு உள்ளீட்டுக்கு `PC` என்றோ `DVI` என்றோ பெயர் வைத்தால், அந்த உள்ளீட்டின் சத்தம் தனியாக ஒரு 3.5 மி.மீ. ஒலிக் கேபிளில் வரும் என்று டிவி எதிர்பார்க்கும். எச்டிஎம்ஐயில் வரும் சத்தத்தைக் கண்டுகொள்ளாது. உள்ளீட்டின் பெயரை மாற்றுவது வெறும் அடையாளத்துக்கு என்று நினைப்போம், டிவி அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. பெயரை வேறு எதற்காவது மாற்றுங்கள். எச்டிஎம்ஐ ஒலிக்கு அனலாக், டிஜிட்டல் என்று தேர்வு இருக்கும் டிவியானால் டிஜிட்டலில் வையுங்கள்.

### கணினியின் மணிச்சத்தம் கேட்கிறது, சினிமாவில் மட்டும் மௌனம்

இதற்குக் காரணம் வேறு. பிளேயரில் பாஸ்த்ரூ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் படத்தின் ஒலியை விரித்துக் கொடுக்காமல் டால்பி, டிடிஎஸ் போன்ற சுருக்கிய வடிவத்திலேயே டிவிக்கு அனுப்பும். அந்த வடிவத்தைப் பிரிக்கத் தெரியாத டிவி அமைதியாக இருந்துவிடும். பாஸ்த்ரூவை நிறுத்தி, ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ வழியாக ஒலியை ஏற்கும் எந்த டிவியும் இரண்டு சேனல் பிசிஎம் ஒலியை ஏற்றே ஆக வேண்டும் என்பது எச்டிஎம்ஐ விதி. ஆகவே அது எப்போதும் பாதுகாப்பான அடித்தளம்.

விண்டோஸின் பக்கத்திலும் அதே அடித்தளத்துக்கு இறங்கலாம். `mmsys.cpl` சாளரத்தில் டிவியின் வரியைத் தேர்ந்து `Properties`, அதில் `Advanced` தாவல். வடிவத்தை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்து `Test` அழுத்துங்கள். `Configure` வழியாக ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்று இருந்தால் `Stereo` ஆக்குங்கள். நடு சேனலுக்குப் போகும் வசனம் கேட்காமல் பின்னணி இசை மட்டும் கேட்பதும் இந்த 5.1 தேர்வால் வரும் கோளாறுதான்.

## பெயரே பட்டியலில் இல்லை

முதலில் அது மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். `mmsys.cpl` சாளரத்தில் வெற்றிடத்தில் வலது சொடுக்கி `Show Disabled Devices`, `Show Disconnected Devices` இரண்டையும் தேர்வு செய்யுங்கள். டிவி மங்கலாகத் தோன்றி `Disabled` என்றிருந்தால், அதன் மேல் வலது சொடுக்கி `Enable` கொடுத்தால் போதும்.

அப்போதும் இல்லையென்றால் திரைப் பக்கம் போய்ச் சாட்சி கேளுங்கள். `Settings`, `System`, `Display`, `Advanced display` என்று போய் மேலே டிவித் திரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டிவியின் பெயர் சரியாகத் தெரிகிறதா, `Generic` என்று தொடங்கும் பொதுப் பெயர் தெரிகிறதா? ஒரு படி பின்னால் `Display` பக்கத்திலேயே உள்ள தெளிவுத்திறன் பட்டியலில் 1920 × 1080, 3840 × 2160 போன்றவை இருக்கின்றனவா, 1024 × 768 போன்ற பழைய அளவுகள் மட்டும் இருக்கின்றனவா?

டிவியின் பெயரும் அளவுகளும் சரியாக இருந்தால், அறிமுகத் தகவல் வந்து சேர்ந்துவிட்டது. கேபிளின் மீது பழி போட வேண்டாம், டிரைவரைப் பாருங்கள். பொதுப் பெயரும் பழைய அளவுகளும் மட்டும் இருந்தால் தகவல் வழியிலேயே தொலைந்திருக்கிறது. அப்போது கேபிள், அடாப்டர், போர்ட் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. நடுவே ஸ்பிளிட்டரோ ஸ்விட்ச் பெட்டியோ இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றலாம், ஏனென்றால் சில பெட்டிகள் டிவியின் தகவலுக்குப் பதிலாகத் தங்கள் சொந்தத் தகவலைக் கொடுக்கும். முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு லேப்டாப்பையும் டிவியையும் நேராக இணைத்துப் பாருங்கள்.

### டிரைவர்

`Windows + X` அழுத்தி `Device Manager` திறந்து, `Sound, video and game controllers` என்ற பிரிவை விரியுங்கள். மேலே சொன்ன மூன்று பெயர்களில் ஒன்று அங்கே இருக்க வேண்டும். அதன் படத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். வலது சொடுக்கி `Enable device`. மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ, டிரைவர் பழுது.

இங்கே பலர் ஒலி டிரைவரைத் தேடி இறக்கி நிறுவுகிறார்கள். அது லேப்டாப் ஸ்பீக்கருக்கானது. எச்டிஎம்ஐ ஒலிக்கான டிரைவர் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்போடு வருகிறது. ஆகவே லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கிராபிக்ஸ் டிரைவரை இறக்குங்கள். நிறுவும்போது ஒலிப் பகுதியின் தேர்வை நீக்கிவிடாதீர்கள். முடிந்ததும் லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் எதனோடு இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். எனவே இரண்டின் டிரைவரும் சரியாக இருக்க வேண்டும்.

### கேபிளும் அடாப்டரும்

இரண்டு முனையிலும் எச்டிஎம்ஐ இருக்கும் நேர்க் கேபிளானால், இரு முனைகளையும் கழற்றி அழுத்தமாகத் திரும்ப மாட்டுங்கள். பிறகு சத்தத்தோடு வேலை செய்வதாகத் தெரிந்த வேறொரு கேபிளைக் கொண்டு சோதியுங்கள். செட்டாப் பாக்ஸில் இருக்கும் கேபிள் இதற்குப் போதும். படத்தில் பொறிப்பொறியாகப் புள்ளிகள் தெறிப்பதும், திரை ஓரிரு வினாடி கறுப்பாகித் திரும்புவதும், அதோடு சத்தம் விட்டுவிட்டு வருவதும் கேபிள் தாங்கவில்லை என்பதன் அடையாளம். 4கே, 60 ஹெர்ட்ஸில் இது தெரிந்தால் தெளிவுத்திறனை 1920 × 1080-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால், கேபிள் பழைய ரகம் அல்லது நீளம் அதிகம். 4கே 60-க்கு 18 ஜிகாபிட் வேகம் தாங்கும் பிரீமியம் ஹைஸ்பீடு ரகம் வேண்டும்.

அடாப்டர் இருந்தால் அதன் வகை முக்கியம். விஜிஏ போர்ட்டில் சத்தம் வரவே வராது. அதிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டரில் 3.5 மி.மீ. துளையோ சின்ன வாலோ இருக்கும். அதை லேப்டாப்பின் ஹெட்போன் துளையோடு இணைத்து, வெளியீடாக ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டி.வி.ஐ. போர்ட்டிலும் பெரும்பாலும் படம் மட்டும்தான். யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர்கள் பொதுவாகச் சத்தத்தையும் கடத்தும். ஆனால் டிஸ்பிளேலிங்க் வகை அடாப்டராக இருந்தால் அதன் சொந்த டிரைவரை நிறுவ வேண்டும். ஒலிப் பட்டியலிலும் கிராபிக்ஸ் சிப்பின் பெயரோடு வராமல் தனி யூஎஸ்பி ஒலிக் கருவியாகத்தான் தெரியும்.

## ஒரு கோளாறைத் தொடக்கம் முதல் முடிவுவரை

விண்டோஸ் 11 லேப்டாப், யூஎஸ்பி-சி ஹப், அதிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள், 4கே டிவி என்று வைத்துக்கொள்வோம். படம் வருகிறது, எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கின்றன. சத்தம் லேப்டாப்பில்.

ஒலிப் பட்டியலில் `Realtek` ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கிறது. மறைந்த கருவிகளைக் காட்டச் சொன்னாலும் டிவி வரவில்லை. திரை அமைப்பில் பார்த்தால் பொதுப் பெயர், 1024 × 768. மங்கலுக்கும் மௌனத்துக்கும் காரணம் ஒன்றே: அறிமுகத் தகவல் வரவில்லை. ஹப்பைக் கழற்றி, அதே கேபிளை லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டினாலும் நிலைமை மாறவில்லை. ஆகவே ஹப் தப்பித்தது. செட்டாப் பாக்ஸின் கேபிளை மாட்டியதும் டிவியின் பெயரும் 3840 × 2160 அளவும் வந்துவிடுகின்றன. பழைய கேபிள்தான் குற்றவாளி.

இப்போது ஒலிப் பட்டியலிலும் டிவி வந்துவிட்டது. தேர்ந்தெடுத்தாலும் சத்தம் இல்லை. இந்த இடத்தில்தான் புதுக் கேபிளும் சரியில்லை என்று தவறாக முடிவு செய்வார்கள். `mmsys.cpl` திறந்தால் டிவியின் பட்டை நன்றாக ஏறி இறங்குகிறது, கோளாறு டிவிக்குள். ரிமோட்டில் ஒலி அமைப்பைப் பார்த்தால் வெளியீடு ஆப்டிகலில் நிற்கிறது, அந்தத் துளையிலோ எதுவும் மாட்டப்படவில்லை. டிவி ஸ்பீக்கருக்கு மாற்றியதும் சத்தம் வருகிறது. இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன. முதலாவது சரியாகும்வரை இரண்டாவது வெளியே தெரிய வழியே இல்லை.

## லினக்ஸில்

வழி அதேதான், பார்க்கும் இடம் வேறு. டிவி தன் ஒலித் திறனைச் சொல்லிவிட்டதா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
cat /proc/asound/card*/eld*
```

`eld_valid` என்ற வரியில் 1 என்றும், `monitor_name` வரியில் டிவியின் பெயரும் இருந்தால் கேபிள் தன் வேலையைச் செய்திருக்கிறது. எல்லா வரியிலும் 0 என்றால் கேபிள், அடாப்டர் பக்கம் போங்கள். 1 இருந்தும் சத்தம் இல்லாவிட்டால் `pavucontrol` திறந்து `Configuration` தாவலில் `Digital Stereo (HDMI) Output` என்ற சுயவிவரத்தைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 2, எச்டிஎம்ஐ 3 என்று எண்ணிட்ட வரிகள் பல இருக்கும். `unplugged` என்று குறிப்பிடாத வரிதான் உங்கள் டிவி.

## திரும்பத் திரும்பச் சத்தம் போனால்

டிவியை அணைத்தாலோ லேப்டாப் தூங்கி எழுந்தாலோ பட்டியலிலிருந்து டிவி போய்விடும். சத்தம் லேப்டாப் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். இது இயல்பு. டிவியை முதலில் ஆன் செய்து, சரியான உள்ளீட்டுக்கு மாற்றி, அதன் பிறகு கேபிளை மாட்டும் வரிசையைப் பின்பற்றினால் பெரும்பாலும் தானாகவே டிவிக்கு மாறிக்கொள்ளும். லேப்டாப்பில் வேறு போர்ட்டில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது தேர்வை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகும் இதே கதை நடக்கும்.

எல்லாம் பார்த்தும் பெயர் வரவில்லை என்றால், அதே லேப்டாப்பையும் அதே கேபிளையும் வேறொரு டிவியிலும், வேறொரு லேப்டாப்பை அதே கேபிளால் உங்கள் டிவியிலும் மாட்டிப் பாருங்கள். லேப்டாப் எந்த டிவியிலும் சத்தம் தராமல், புது டிரைவரும் உதவாமல் போனால், போர்ட்டோ கிராபிக்ஸ் சிப்பின் ஒலிப் பகுதியோ பழுது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியது லேப்டாப்பைத்தான். வேறு லேப்டாப்பும் உங்கள் டிவியின் எல்லாப் போர்ட்டிலும் ஊமையாக இருந்தால், பார்க்க வேண்டியது டிவியை.